மூட்டையின் எடையும் நடுவில் ஒரு நேர்கோடும்

பதிவேட்டக்காவைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அவர் வேலை பார்க்கும் விலங்குகள் காப்பகத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவன் நான். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், காற்று வராத ஒரு ஃபேன். டிரைவிங் ஸ்கூல், பல் டாக்டர், கல்யாண மண்டபம் என்று பதினோரு வெப்சைட்டுகள் என் தலையில். பத்துப் பேர் வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். பதினோராவது ஆள் பதிவேட்டக்கா. அவர் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார், அதுவும் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. காப்பகத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பதிவேடு எழுதுகிறார். எந்த நாய் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் காலில் காயம், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்தப் பூனை எந்த ஜன்னல் வழியாக ஓடிப்போனது, எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அதில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. தப்பாக எழுதிவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதுவார். அப்பேர்ப்பட்ட மனுஷி. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே கறார்தான். கணக்குப் போடுகிற ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் கறாரில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது அவருடைய சொந்த எடை. ரேஷன் படிவமோ, ஆஸ்பத்திரி அட்டையோ, மகள் வயதுப் பெண் நீட்டிய உடற்பயிற்சிக் கூட விண்ணப்பமோ, எதில் கேட்டாலும் அக்கா கை தன்னால் ஐம்பத்தெட்டு என்று எழுதும். கல்யாணமான வருஷம் எடுத்த எடை அது. அதற்கப்புறம் தராசு என்ற பொருளின் மேல் அவர் தனியாக ஏறியதே இல்லை. ஐம்பத்தெட்டு என்பது அவருக்கு எடை இல்லை, பிறந்த தேதி மாதிரி. அது எப்படி மாறும்?

இந்த இடத்தில் மூட்டை வருகிறது. மூட்டை என்பது காப்பகத்து நாய். உடம்பெல்லாம் சடை, நான்கு கால்கள் எங்கே முளைக்கின்றன என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னங்கால் மூட்டில் ஆபரேஷன் செய்ய வேண்டும். வெளியூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஆபரேஷன் செய்கிற டாக்டர், "பதினைஞ்சு கிலோவுக்குக் கீழ கொண்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூட்டைக்கு டயட் ஆரம்பித்தது.

டயட்டைக் கையில் எடுத்தவர் தீனிக்காரர். காப்பகத்தில் எல்லா ஜீவன்களுக்கும் தீனி கலக்கிப் போடுகிறவர், பத்தொன்பது வருஷமாக. ஒல்லியான மனிதர். பேச்சு கம்மி. நாய்கள் அவர் சைக்கிள் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துக் குரைக்க ஆரம்பித்துவிடும். அவருக்கும் அந்தக் குரைப்பைத் தவிர வேறு மரியாதை தேவைப்பட்டதில்லை.

எடை போடுவதுதான் சிக்கல். பெரிய பிராணிகளை நிறுத்துகிற மேடைத் தராசு, ஒரு கழுதை ஏறி நின்று இறங்க மறுத்த அன்றோடு செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்தது வீட்டில் வைத்துக்கொள்கிற சின்ன டிஜிட்டல் தராசு. அதன்மேல் மூட்டை நிற்காது. யாராவது தூக்கிக்கொண்டு நின்றால்தான் உண்டு. யார் தூக்கினாலும் மூட்டை கடிக்கும், தீனிக்காரரையே கடிக்கும். அக்கா தூக்கினால் மட்டும் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். ஆக, தினமும் காலையில் அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவார். நாயின் சடை மறைப்பதால் அவருக்கு எண் தெரியாது. தீனிக்காரர் குனிந்து படித்துச் சொல்வார்.

ஷீட்டில் நான்கு பத்திகள். முதல் பத்தி A, அதில் தேதி. B-யில் 'சேர்த்து', அதாவது இரண்டு பேரும் சேர்ந்த எடை. C-யில் 'நான்'. D-யில் 'மூட்டை', அது B-யிலிருந்து C-யைக் கழித்து வருவது. முதல் நாள் சேர்த்து எண்பத்திரண்டு. 'நான்' கட்டத்தில் அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் ஐம்பத்தெட்டு என்று தட்டினார். மூட்டை இருபத்துநாலு என்று வந்தது. அந்த ஐம்பத்தெட்டின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்து, வரப்போகிற அத்தனை நாட்களுக்கும் ஐம்பத்தெட்டைப் பரப்பிவிட்டார். ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாது அல்லவா.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

காப்பகத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். ஆய்வு ஓயவில்லை. சுவரில் கிராஃப் இல்லாத அறைக்குள் அவர் நுழைய மாட்டார். "மூட்டையோட எடைய வெப்சைட்ல போடுங்க, மக்கள் பாக்கட்டும்" என்று உத்தரவு போட்டார். அக்கா ஷீட்டில் தேதியையும் மூட்டையையும் வைத்து ஒரு கோட்டுப் படம் போட்டு, அதைத் திரையில் ஃபோட்டோ பிடித்து, வெப்சைட்டில் ஒட்டினார். படம் அழகாக இருந்தது. பதினைந்து நாள் கழித்தும் அதே அழகோடு அப்படியே இருந்தது. "நாய் செத்துப்போச்சா, ஏன் கோடு நின்னுபோச்சு?" என்று நாலு பேர் எழுதிக் கேட்டார்கள். ஒரு அம்மா ஆழ்ந்த அனுதாபங்களே அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு நான் கை கழுவிவிட்டு டப்பாவைத் திறக்கிறேன், போன் அடித்தது.

"தம்பி, ஷீட்ல நான் தினமும் போடுறேன். படம் ஏன் மாறல?"

"அக்கா, நீங்க ஒட்டினது ஃபோட்டோ. ஃபோட்டோல இருக்கறவங்களுக்கு வயசாகுமா?"

"அப்ப என்ன பண்ணணும்?"

"அந்தப் படத்து மேலயே வலது மூலைல மூணு புள்ளி இருக்கு பாருங்க. அதத் தட்டுங்க. பப்ளிஷ் சார்ட்னு வரும். அதுல எம்பெட்னு ஒண்ணு, பேஜுக்குள்ள பதிக்கறதுக்கு. பப்ளிஷ் பண்ணுங்க, கம்ப்யூட்டர் பாஷைல நாலு வரி கொடுக்கும். நம்ம பேஜ்ல பழைய ஃபோட்டோவத் தூக்கிட்டு அந்த நாலு வரிய ஒட்டிடுங்க."

"ஒட்டிட்டா?"

"அப்புறம் நீங்க ஷீட்ல மாத்தினா, தானா வெப்சைட்ல மாறும். கீழ செட்டிங்ஸ்ல, மாறும்போதெல்லாம் தானா மறுபடி பப்ளிஷ் பண்ணுன்னு ஒரு டிக் இருக்கும். அது இருக்கான்னு பாத்துக்குங்க. உடனே மாறாது, அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகலாம். பொறுமையா இருங்க."

"நான் ஷீட்ல தட்டினா ஊரே பாக்குமா?"

"படத்தத்தான் பாக்கும். ஷீட்டுக்குள்ள யாரும் வர முடியாது. கைய வைக்க முடியாது."

"அது போதும் தம்பி," என்றார். குரலில் ஒரு நிம்மதி. எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கோடு ஓட ஆரம்பித்தது. மூட்டைக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அக்கா எண்ணைத் தட்டினால், ஒன்பது ஐந்துக்கு ஊரில் பாதிப் பேருக்கு மூட்டையின் எடை தெரியும். ஆனால் அந்தக் கோடு செய்தது என்ன? இருபத்துநாலில் ஆரம்பித்து, இருபத்துமூன்று எட்டு, இருபத்துமூன்று ஏழு, திரும்ப இருபத்துமூன்று ஒன்பது என்று நொண்டி அடித்தது. எட்டு வாரத்தில் அரை கிலோ கூட இறங்கவில்லை. டாக்டர் அவர் ஊரில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டுத் தீனியைக் கால் பங்கு குறைக்கச் சொன்னார். குறைத்தார்கள். கோடு அசையவில்லை. இன்னும் குறைக்கச் சொன்னார். மூட்டை கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு தீனிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. தீனிக்காரர் திருட்டுத்தனமாக மூட்டைக்குப் போடுகிறார். பேஜுக்குக் கீழே ஒருவர் எழுதினார். அதற்கு முப்பது பேர் ஆமாம் போட்டார்கள். ஒருவர் "பாவம் மனசு கேக்கல போல" என்று பெருந்தன்மை காட்டினார். அது இன்னும் மோசம்.

தீனிக்காரர் அக்காவிடம் வந்தார். "அம்மா, நான் போடலம்மா. கழுத்துப்பட்டைய ரெண்டு துளை உள்ள இழுத்துக் கட்டியிருக்கேன். நாய் மெலிஞ்சிருக்கு. நீங்களே தூக்கறீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. தூக்கும்போது இடுப்பு முன்போல வலிக்கவில்லை. ஆனால் ஷீட் இருபத்துமூன்று என்கிறது. அக்கா தன் இடுப்பை நம்பவில்லை, ஷீட்டை நம்பினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

பத்தாவது வாரம் இரண்டு காரியம் ஒரே நாளில் நடந்தது. ஒன்று, செயலாளர் தீனிக்காரரிடம் மெமோ கொடுத்தார். 'இருபதாம் தேதிக்குள் எடை பதினைந்துக்குக் கீழ் வராவிட்டால், தாங்கள் தீனிப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு வாயில் காவலுக்கு அனுப்பப்படுவீர்கள்.' இருபதாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. நாய்களை விட்டுவிட்டு கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். தீனிக்காரர் மெமோவைப் படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது காரியம், கோடு மறுபடி நின்றுபோனது. சாயங்காலம் நான் கிளம்பும் நேரம் போன்.

"தம்பி, மூணு நாளா புது எண் படத்துல ஏறல."

"படம் எத்தன வரிசை வரைக்கும் எடுத்திருக்குன்னு பாருங்க. டேட்டா ரேஞ்சுன்னு இருக்கும்."

"அறுபத்தெட்டு வரைக்கும்."

"நீங்க எழுதறது?"

"எழுபத்தொண்ணு."

"அதான். அறுபத்தெட்டோட வேலி போட்டு வெச்சிருக்கீங்க. வரிசை எண்ணே போடாம, பத்தி முழுசையும் குடுத்துடுங்க. A முழுசு, D முழுசு. அப்புறம் எவ்வளவு எழுதினாலும் தானா சேந்துக்கும்."

சொன்னது சரிதான். ஆனால் எப்படித் தட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. அக்கா A போட்டு, நடுவில் இரண்டு புள்ளி வைத்து, D போட்டார். ஷீட்டுக்கு அதன் அர்த்தம் A-யும் D-யும் இல்லை, A-யிலிருந்து D வரைக்கும். நடுவில் இருக்கிற B-யும் C-யும் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டன. மெமோவைப் பார்த்த வருத்தத்தில் இருந்த அக்கா, தட்டியதும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நானும் பஸ் ஏறிவிட்டேன். பேஜை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலையில் முதல் போன் அக்காவின் தங்கையிடமிருந்து அக்காவுக்கு.

"அக்கா, மூட்டை படத்துல மூணு கோடு இருக்கு. நடுக்கோட்டத் தொட்டா 'நான், 58'ன்னு வருது. நான்னா யாரு?"

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நீயா? அம்பத்தெட்டா?" தங்கை போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் உன்னவிட ஒல்லி, நானே அறுபத்தொண்ணு!"

அடுத்தது நாத்தனார். "என்ன அண்ணி, அம்பத்தெட்டாமே, சொல்லவே இல்ல!" அடுத்தது பக்கத்து வீட்டம்மா, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு அக்கா எனக்குப் போன் போட்டபோது, அழுகிறாரா கத்துகிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

"தம்பி, என்னத் தெருவுல நிறுத்திட்டீங்களே!"

பேஜைத் திறந்தேன். மேலே எண்பத்தொன்றில் ஒரு கோடு, கீழே இருபத்துமூன்றில் ஒரு கோடு, நடுவில் ஐம்பத்தெட்டில் ஒரு கோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கு இன்றுவரை அக்கா என்னை மன்னிக்கவில்லை. படத்தைத் திருத்தும் இடத்தில் சீரிஸ் என்ற பட்டியலிலிருந்து 'சேர்த்து', 'நான்' இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்.

"எடுத்துட்டேன். இங்க போயிடுச்சு. வெப்சைட்ல இன்னும் இருக்கே!"

"அஞ்சு நிமிஷம் அக்கா."

"அஞ்சு நிமிஷத்துல எத்தன பேர் பாப்பாங்க?"

அந்த ஐந்து நிமிஷமும் போனை வைக்கவில்லை. நான் ரிஃப்ரெஷ் பண்ண, அவர் ரிஃப்ரெஷ் பண்ண, இரண்டு பேரும் மாற்றி மாற்றி "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நாலாவது நிமிஷம் போய்விட்டது. மூட்டையின் கோடு மட்டும் தனியாக நின்றது. அக்கா நன்றி கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். அவர் தையல்காரர். கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் போனில் காட்டி, மூன்று கோடுகளையும் அவர் காலையிலேயே பார்த்தாயிற்று. டிபன் கேரியரைப் பிரித்து வைத்தார். தண்ணீர் ஊற்றி வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த நடுக்கோடு பத்து வாரமா ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கே, அது எப்படி?"

"எப்படின்னா?"

"இந்தப் பத்து வாரத்துல உன் ப்ளவுஸ்ல ரெண்டு தடவ தையல் பிரிச்சு விட்டிருக்கேன்."

"நீங்களா? எப்ப?"

"நீ தூங்கினப்புறம். இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான். நீ கேக்கல, நானும் சொல்லல." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அந்த மனிதரை நான் அப்புறம் ஒருநாள் சந்தித்தேன். இவ்வளவு நல்லவனாக இருக்க எனக்கு வராது.

அக்கா எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். கதவைத் தாழ் போட்டார். செருப்பைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், வளையலைக்கூடக் கழற்றினார். இத்தனை வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக நாய் இல்லாமல் தராசில் ஏறினார்.

அறுபத்தாறு புள்ளி எட்டு.

இறங்கி மறுபடி ஏறினார். தராசு மனசு மாறவில்லை.

அன்று காலை சேர்த்து எடுத்த எடை எண்பத்தொன்று புள்ளி நாலு. அக்கா கையெழுத்துக் காலத்து ஆள், கழித்தலுக்கு ஷீட் தேவையில்லை. மூட்டை பதினாலு புள்ளி ஆறு. அப்படியே ஸ்டோர் ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் மெலிந்திருக்கிறது. பதினைந்துக்கும் கீழே வந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் நாய் இறங்க இறங்க அக்கா ஏறியிருக்கிறார், கோடு அதனால்தான் நொண்டியிருக்கிறது. பசியோடு கிடந்தது மூட்டை. பழி சுமந்தது தீனிக்காரர். எல்லாம் ஒரு ஐம்பத்தெட்டுக்காக. "நான் மனுஷியே இல்ல தம்பி" என்று அப்புறம் என்னிடம் சொன்னார். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. 'நான்' பத்தியைத்தான் படத்திலிருந்து தூக்கியாயிற்றே. அன்றைய கட்டத்தில் ஐம்பத்தெட்டை அடித்து அறுபத்தாறு புள்ளி எட்டு போட்டால் யாருக்கும் தெரியாது. மூட்டையின் எடை தானாகச் சரியாகிவிடும். தீனிக்காரர் தப்பித்துவிடுவார். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடியும். பழைய நாட்களில் தான் என்ன எடை இருந்தோம் என்று தெரியாததால் அவற்றை அப்படியே விட்டார். அன்றைய கட்டத்தில் மட்டும் தட்டினார்.

ஐந்து நிமிஷத்தில் வெப்சைட்டில் மூட்டையின் கோடு இருபத்துமூன்று புள்ளி நாலிலிருந்து பதினாலு புள்ளி ஆறுக்கு மொட்டை மாடியிலிருந்து குதித்தது.

பத்தாவது நிமிஷம் செயலாளர் அக்காவின் அறைக்குள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தீங்களா? நேத்து மெமோ குடுத்தேன், இன்னிக்கு எட்டு புள்ளி எட்டு கிலோ இறங்கிருச்சு! திருட்டுத் தீனி நின்னா என்ன ஆகுதுன்னு பாருங்க!"

"சார், ஒரே நாள்ல ஒரு நாய் ஒம்போது கிலோ எப்படி சார்..."

"கோடு பொய் சொல்லுமா? முப்பத்தஞ்சு வருஷ ஆய்வு என்னோடது. இதவிட என்ன சாட்சி வேணும்? இருபதாம் தேதி வரைக்கும் எதுக்கு, நாளைலேர்ந்தே அவர் கேட்டுக்குப் போகட்டும். பேஜ்லயும் போட்டுட்டேன்."

போட்டே விட்டிருந்தார். படத்துக்குக் கீழே, 'நிர்வாகத்தின் உறுதியான நடவடிக்கையின் பலன்' என்று. நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

எனக்குப் போன் வந்தபோது மணி மூன்றரை. இந்தத் தடவை அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, அந்த ரெண்டு கோட்டையும் மறுபடி போடணும்."

"எதுக்கக்கா? காலைலதான..."

"போடணும். நீங்க நேர்ல வாங்க. நேத்து மாதிரி வேற எதையாவது தட்டிருவேன்."

போனேன். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், ஆனால் மௌஸைக் கொடுக்கவில்லை. படத்தைத் திருத்தும் இடத்தைத் திறந்து, சீரிஸில் 'சேர்த்து' சேர்த்தார். 'நான்' சேர்த்தார். திரையில் மூன்று கோடு வந்தது. ஐம்பத்தெட்டிலேயே அசையாமல் வந்த நடுக்கோடு, கடைசி நாளில் திடீரென்று அறுபத்தாறு புள்ளி எட்டுக்கு ஏறியிருந்தது. அது ஏறிய அளவுக்கே கீழே மூட்டையின் கோடு இறங்கியிருந்தது, ஒரு நூல் பிசகில்லை. மேலே சேர்ந்த கோடு அசையவே இல்லை. கணக்கே தெரியாதவனுக்கும் என்ன நடந்தது என்று தெரியும்.

"இது போதுமே அக்கா," என்றேன்.

"போதாது. செயலாளர் இதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார். படத்துத் தலைப்ப மாத்தினா அதுவும் தானா போகுமா?"

"போகும். படத்துல எது மாறினாலும் போகும்."

தலைப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில் துணைத் தலைப்பு எழுதுகிற இடத்தில் அக்கா தட்டினார். 'ஐம்பத்தெட்டு என்று நான் போட்டது பொய். என் எடை 66.8. தீனிக்காரர் ஒரு நாளும் கூடுதலாகப் போடவில்லை.' ஒரு முறை படித்தார். 'பொய்' என்ற இடத்தில் 'தவறு' என்று மாற்றலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. மாற்றவில்லை. கையை எடுத்துவிட்டார். சேமிக்க ஒன்றும் தட்ட வேண்டியதில்லை, அதுவாகவே போய்விடும். திரும்பப் பிடிக்கவும் முடியாது.

தீனிக்காரர் தீனிக் கொட்டகையில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து கேட் என்று செய்தி வந்திருந்தது. சுத்தமாகத் துடைத்த கரண்டிகளை, அடுத்து வருகிறவருக்காக வரிசையாக வைத்திருந்தார்.

"அண்ணே," என்றார் அக்கா. "தப்பு நாய்ல இல்ல, உங்க மேலயும் இல்ல. என் எடைய நான் தப்பாப் போட்டிருந்தேன். பத்து வாரமா. ஊருக்கே போட்டுட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. நான் என் போனில் பேஜைத் திறந்து நீட்டினேன். அதில் இன்னும் பழைய படம்தான் இருந்தது, ஒற்றைக் கோடு குதித்த நிலையில், அடியில் செயலாளரின் வாசகம்.

"அஞ்சு நிமிஷம் ஆகும்ணே," என்றேன். வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அவ்வளவு வெட்கத்தோடு நான் சொன்னதில்லை.

மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரிஃப்ரெஷ் பண்ணினேன். பண்ணினேன். மாறியது. தீனிக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுக்கோட்டை அவர் பார்க்கக்கூட இல்லை. கீழே இருந்த பதினாலு புள்ளி ஆறைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மூட்டை பதினைஞ்சுக்குக் கீழ வந்திருச்சா?"

"வந்து சில நாளாயிருக்கும்ணே," என்றார் அக்கா.

"பசியோட கெடந்துச்சும்மா அது," என்றார். கோபம் அவ்வளவுதான். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

தீனிக்காரர் தன் பழைய போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவருக்குப் பேசத் தெரியும். "ஏய், மூட்டை பேஜத் திற. மக போன்ல திற. திறந்தியா? பழசா இருந்தா திரும்பத் திற."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் மெதுவாக வாசித்தது. வாசித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தது.

"அப்ப நெசமாவே நீங்க போடலையா?" என்றது குரல்.

"போடலன்னு பத்து வாரமா தினமும் சொன்னேனே உங்கிட்ட."

"நீங்க சொன்னீங்க," என்றாள் அவர் மனைவி. "படம் அப்படிச் சொல்லலையே."

தீனிக்காரர் போனை அணைத்துப் பையில் மெமோவுக்குப் பக்கத்தில் வைத்தார். கிண்ணத்தை எடுத்தார், முழு அளவு தீனி போட்டார், மூட்டையின் கூண்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், அது தின்று முடிக்கும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.